கைப்பேசிக் கேமராவுக்கு வந்த வெள்ளெழுத்து: ஒரு ஸ்கேன் பெட்டியை உயர்த்திய கதை

சிறிய அட்டைகளையும் ரசீதுகளையும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் விளக்கத் தாள்களையும் படமெடுத்துச் சேமிப்பதற்காக நான் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் எளிய பெட்டி செய்து வைத்திருந்தேன். அடிப்பலகை இல்லாத அந்தப் பெட்டியின் மேற்பலகையில் கேமராவுக்கு மட்டும் ஒரு துளை உண்டு. தாளை மேசையில் விரித்து, அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து, துளைக்கு நேராகக் கைப்பேசியைப் படுக்க வைத்தால் போதும். லென்ஸிலிருந்து தாள்வரை 11 செ.மீ. உயரம் இருந்தது. கை நடுக்கம் இல்லை, சாய்வு இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவிலான படம் கிடைத்தது.

கைப்பேசியை மாற்றிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பழையதைவிடப் பெரிய சென்சாரும் கூடுதல் பிக்சல்களும் கொண்ட புதிய கேமராவில், அதே பெட்டியில், அதே மருந்துத் தாளை எடுத்த படம் படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக இருந்தது. தலைப்பு எழுத்துகள் ஓரளவு தெரிந்தன. அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்துகள் வரிவரியான சாம்பல் பட்டைகளாக மாறியிருந்தன. தமிழில் அச்சான பகுதி இன்னும் மோசம். மங்கலில் முதலில் காணாமற்போவது புள்ளிதான் என்பதால் மெய்யெழுத்துகள் எல்லாம் உயிர்மெய்யாகிவிட்டிருந்தன. ‘ண’வின் சுழிகளும் ‘ன’வின் சுழிகளும் அடைபட்டு ஒன்றுபோலவே தெரிந்தன. ஆங்கில எழுத்தில் உருவம் ஓரளவு கலங்கினாலும் சொல்லை ஊகித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளி போனாலே சொல் மாறிவிடுகிறது.

வழக்கமாக எல்லோரும் சந்தேகிப்பதையே நானும் வரிசையாகச் சந்தேகித்தேன். லென்ஸின் மேல் விரல் எண்ணெய் படிந்திருக்கலாம் என்று துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. அழுக்குப் படிந்த லென்ஸ், வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் பால்போன்ற மூட்டத்தை உண்டாக்கும். தொலைவில் உள்ள பொருள்களிலும் அது தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அடுத்து நடுக்கத்தைச் சந்தேகித்து மூன்று விநாடி டைமர் வைத்து எடுத்தேன். நடுக்கத்தால் வரும் மங்கல் ஒரு திசையில் இழுபட்டிருக்கும், அதாவது முற்றுப்புள்ளி ஒரு சிறு கோடாகும். என் படத்தில் முற்றுப்புள்ளிகள் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவி வட்டமாகியிருந்தன. ஸ்கேன் செயலி படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கிச் சேமிக்கிறதோ என்று பார்த்தால், சேமிப்பதற்கு முன் திரையில் தெரியும் காட்சியே மங்கலாகத்தான் இருந்தது.

அந்த வட்டமான முற்றுப்புள்ளியை நான் அப்போதே கவனத்தில் எடுத்திருக்க வேண்டும். ஃபோகஸ் தவறினால் ஒரு புள்ளி, லென்ஸ் துளையின் வடிவத்திலேயே ஒரு வட்டத் தட்டாக விரியும். ஆனால் பெட்டி நேற்றுவரை சரியாக வேலை செய்தது என்ற நினைப்பு என் கண்ணை மறைத்தது. உண்மையான துப்பு தற்செயலாகக் கிடைத்தது. எரிச்சலில் கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி தாளை நோக்கியபோது, திரையில் எழுத்துகள் சட்டென்று தெளிந்தன. மீண்டும் கீழே இறக்கினேன். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே போனதும் காட்சி ஒருமுறை மங்கி, ஒருமுறை சற்றுத் தெளிந்து, மீண்டும் மங்கி, கடைசியில் மங்கலிலேயே நின்றுவிட்டது. தானியங்கி ஃபோகஸ் தன் எல்லையைத் தொட்டு, இதற்குமேல் தன்னால் இயலாது என்று கைவிடும்போது இப்படித்தான் துடிக்கும்.

ஒரு லென்ஸ் எவ்வளவு அருகில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்ட முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைத்தான் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்கிறோம். பொருள் அருகே வர வர, அதன் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி விழும். அது சென்சார்மீதே விழ வேண்டுமென்றால் லென்ஸ் சென்சாரை விட்டு முன்னோக்கி நகர வேண்டும். கைப்பேசியில் இந்த நகர்வைச் செய்வது, காந்தத்துக்கு நடுவே ஸ்பிரிங்குகளால் தாங்கப்பட்டிருக்கும் ஒரு சிறு கம்பிச்சுருள். அதில் மின்சாரம் பாயும்போது லென்ஸ் தொகுதி முன்னே தள்ளப்படுகிறது. கேமராப் புடைப்பின் கனத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டியிருப்பதால், அது நகரக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குதான்.

பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாட்டைக் கொண்டே, எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். குவியத் தூரம் f, பொருளின் தூரம் u என்றால், தொலைவில் குவிந்திருக்கும் நிலையிலிருந்து லென்ஸ் முன்னே வர வேண்டிய அளவு இதுதான்:

```
நகர்வு = f × f / (u − f)
```

இரண்டு கைப்பேசிகளிலும் எடுத்த படங்களுக்குள்ளேயே குவியத் தூரமும் துளை எண்ணும் பதிவாகியிருக்கும். கணினியில் ஒரே கட்டளையில் அவற்றைப் பார்த்துக்கொண்டேன்:

```
exiftool -FocalLength -FNumber -FocalLengthIn35mmFormat padam.jpg
```

பழைய கைப்பேசியின் முதன்மைக் கேமராவுக்குக் குவியத் தூரம் 4 மி.மீ., புதியதற்கு 6.5 மி.மீ. என்று வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலமான காட்சியைத்தான் காட்டுகின்றன. ஆனால் சென்சார் பெரிதானால் அதே காட்சியை அதன்மேல் பரப்ப லென்ஸின் குவியத் தூரமும் நீள வேண்டும். இங்கேதான் வினை இருக்கிறது. 10 செ.மீ. தூரத்தில் உள்ள தாளைத் தெளிவாகக் காட்டப் பழைய லென்ஸ் சுமார் 0.17 மி.மீ. நகர்ந்தால் போதும், புதியது 0.45 மி.மீ. நகர வேண்டும். குவியத் தூரம் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடியது, ஆனால் நகர்வு அதன் வர்க்கத்தில் கூடி இரண்டரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு தூரம் நகர அந்தத் தொகுதிக்குள் இடமில்லை. குறைந்த வெளிச்சத்தில் நல்ல படம் தரும் பெரிய சென்சார்தான் என் பெட்டியைப் பயனற்றதாக்கியது என்பதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்த வேலை, இந்தக் கைப்பேசிக்கு அந்த வரம்பு எத்தனை செ.மீ. என்று அளப்பது. பொடி எழுத்துத் தாள் ஒன்றை ஓர் அட்டையில் ஒட்டி மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினேன். அதன் அடியிலிருந்து ஓர் அளவுகோலை நீட்டி வைத்து, கைப்பேசியையும் பக்கவாட்டில் நிறுத்தி, 8 செ.மீ. முதல் 25 செ.மீ. வரை ஒவ்வொரு செ.மீட்டராகப் பின்னே நகர்த்திப் படமெடுத்தேன். ஒவ்வோர் இடத்திலும் திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்யச் சொல்லி, இரண்டு விநாடி காத்திருந்து எடுத்தேன். முடிவைக் கண்டு திகைத்துப் போனேன். 8 செ.மீட்டரிலேயே படம் தெளிவாக இருந்தது!

காரணம் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. இந்தச் சோதனையை நான் ஸ்கேன் செயலியில் செய்யாமல், கைப்பேசியின் சொந்தக் கேமரா செயலியில் செய்திருந்தேன். அந்தச் செயலி, பொருள் மிக அருகில் இருக்கிறது என்று கண்டதும், பயனரிடம் கேட்காமலேயே முதன்மைக் கேமராவை விட்டு அகலக் கோணக் கேமராவுக்குத் தாவிவிடுகிறது. பிறகு அதன் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, எதுவும் மாறாததுபோலத் திரையில் காட்டுகிறது. அகலக் கோண லென்ஸின் குவியத் தூரம் 2 மி.மீ. அளவில்தான் இருக்கும். மேலே சொன்ன கணக்கின்படி அது மிகச் சிறிய நகர்விலேயே சில செ.மீ. தூரத்தை எட்டிவிடும். என் ஸ்கேன் செயலியோ முதன்மைக் கேமராவை மட்டுமே திறக்கிறது. ஒரே கைப்பேசி, ஒரே தாள், ஒரே தூரம். ஆனால் ஒரு செயலியில் தெளிவு, இன்னொன்றில் மங்கல் என்ற புதிர் இப்படி அவிழ்ந்தது.

எந்தக் கேமரா வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி விரல்தான். திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடுங்கள். காட்சி எப்போது மறைகிறதோ, அந்த லென்ஸ்தான் அப்போது இயங்குகிறது. தாளை நெருங்கும்போது ஒருமுறையும் விலகும்போது ஒருமுறையும் இதைச் செய்தால், கேமரா எங்கே தாவுகிறது என்பதும் தெரிந்துவிடும். எடுத்த படத்தில் பதிவாகியிருக்கும் குவியத் தூரத்தையும் பார்க்கலாம். என் முதல் சோதனையில் 8 செ.மீ. முதல் 13 செ.மீ. வரையிலான படங்களில் 6.5 இருக்க வேண்டிய இடத்தில் 2.2 இருந்தது. இந்தத் தாவலால் கிடைக்கும் படம் மோசமென்று சொல்லமாட்டேன். ஒரு சிறு லேபிளைப் படிக்க அது போதும். ஆனால் சென்சார் சிறியது, படம் நடுவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கப்பட்டது, விளிம்புகளில் எழுத்துகள் வெளிப்புறமாக இழுபடுகின்றன, அத்துடன் கைப்பேசியின் நிழலே தாளை மூடிவிடுகிறது. ஆகவே ஆவணம் சேமிக்க நான் அதை விரும்பவில்லை. வேறு சில கைப்பேசிகளில் அகலக் கோணக் கேமராவுக்கு ஃபோகஸ் நகர்வே கிடையாது. அவற்றில் தாவினாலும் பயனில்லை.

கேமரா செயலியின் அமைப்பில் அந்தத் தானியங்கித் தாவலை நிறுத்திவிட்டு மறுபடியும் அளந்தேன். இம்முறை 8 முதல் 13 செ.மீ. வரை மங்கல் படிப்படியாகக் குறைந்தது, 14 செ.மீட்டரில் தலைப்புகள் தெளிவாகவும் பொடி எழுத்துகள் சற்றுக் கரைந்தும் இருந்தன, 15 செ.மீட்டரில் புள்ளிகள் புள்ளிகளாகவே நின்றன. அதற்கப்பால் எல்லாமே தெளிவு. ஆக, வரம்பு 15 செ.மீ. அந்தத் தூரத்துக்கு இந்த லென்ஸ் 0.29 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். பழைய லென்ஸுக்குத் தேவைப்பட்டதைவிட இது கூடுதலே, ஆனாலும் போதவில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசியாக இருந்தால், அளவுகோல் காட்டியதைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. கைப்பேசியில் யு.எஸ்.பி. பிழைநீக்க வசதியை இயக்கிக் கணினியோடு இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம்:

```
adb shell dumpsys media.camera | grep -A1 minimumFocusDistance
```

ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் எண் வரும். அது செ.மீ. கணக்கு அன்று, டையாப்டர் கணக்கு. 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மீட்டரில் தூரம் கிடைக்கும். 10 என்று வந்தால் 10 செ.மீ.; 5 என்று வந்தால் 20 செ.மீ.; 0 என்று வந்தால் அந்தக் கேமராவில் ஃபோகஸ் நகர்வே இல்லை என்று பொருள். என் முதன்மைக் கேமராவுக்கு 6.67 அளவில் ஓர் எண் வந்தது. அதாவது 15 செ.மீ. எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த எண்ணை அளந்து சரிசெய்து தருவதில்லை என்பதால், இரண்டும் முரண்பட்டால் அளவுகோலையே நம்ப வேண்டும்.

டையாப்டர் என்ற சொல்லைப் பார்த்ததும்தான் இதன் உறவு எனக்குப் புரிந்தது. மூக்குக்கண்ணாடிக்குப் ‘பவர்’ என்று நாம் சொல்வது இதே அலகைத்தான். நாற்பதைக் கடந்தவர்கள் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதற்குக் காரணம், கண்ணின் வில்லை முன்போல் வளைந்து கொடுக்காததால் அருகில் உள்ளதைக் குவிக்க முடியாமற்போவது. அதை வெள்ளெழுத்து என்கிறோம். என் கைப்பேசிக்கு வந்திருப்பதும் ஒருவகையில் வெள்ளெழுத்துதான். கண்ணுக்கு வயதாகி வருகிறது. கேமராவுக்குச் சென்சார் பெரிதாகி வருகிறது.

எவ்வளவு மங்கல் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். என் படத்தில் கண்டதோடு அது அப்படியே பொருந்தியது. குவியத் தூரத்தைத் துளை எண்ணால் வகுத்தால் லென்ஸ் துளையின் விட்டம் கிடைக்கும். 6.5-ஐ 1.8-ஆல் வகுத்தால் 3.6 மி.மீ. ஃபோகஸ் 15 செ.மீட்டரில் நின்றுவிட்டது, தாளோ 11 செ.மீட்டரில் இருக்கிறது. இடைவெளி 4 செ.மீ. அந்த இடைவெளியை ஃபோகஸ் தூரத்தால் வகுத்துத் துளை விட்டத்தால் பெருக்கினால், தாளின்மேல் ஒரு புள்ளி எவ்வளவு அகலத்துக்குப் பரவியதுபோலத் தெரியும் என்பது வந்துவிடும்:

```
3.6 × (150 − 110) / 150 = 0.96 மி.மீ.
```

ஏறக்குறைய ஒரு மி.மீ. மருந்துத் தாளின் பொடி எழுத்துகளின் உயரமும் ஏறக்குறைய ஒரு மி.மீ. எழுத்தின் உயரத்துக்கே ஒவ்வொரு புள்ளியும் பரவினால் வரி முழுவதும் சாம்பல் பட்டையாகத்தான் ஆகும். நான்கு மி.மீ. உயரமுள்ள தலைப்பு மட்டும் விளிம்பு மழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். தலைப்புத் தெரிந்து உள்ளடக்கம் தெரியாத படம் கிடைத்தால், பெரும்பாலும் இதுதான் காரணம் என்று இப்போது படத்தைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடுவேன். பழைய கைப்பேசியின் துளை 2 மி.மீ. மட்டுமே என்பதால், அது ஃபோகஸில் சற்றுத் தவறினாலும் மங்கல் இதில் பாதியளவாகவே இருந்திருக்கும். புதியதில் வரம்பும் தள்ளிப்போய், தவறுக்கான தண்டனையும் கூடியிருக்கிறது.

வெள்ளெழுத்து என்றால் வைத்தியமும் தெரிந்ததுதானே! வீட்டிலிருந்த +2.5 பவர் வாசிப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பெட்டித் துளையின் அடியில் பிடித்துப் பார்த்தேன். டையாப்டர்களைக் கூட்டினால் போதும், 6.67-உம் 2.5-உம் சேர்ந்தால் 9.17. அதாவது புதிய வரம்பு சுமார் 10.9 செ.மீ. பெட்டியின் உயரம் 11 செ.மீ. கணக்கு சொன்னபடியே தாளின் நடுப்பகுதி தெளிந்து வந்தது. எனக்கும் மகிழ்ச்சி தாளவில்லை. ஆனால் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எழுத்துகளின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் செம்மஞ்சளுமாக விளிம்பு கட்டியிருந்தது. மூலைகளில் எழுத்துகள் வளைந்து கரைந்திருந்தன. ஒற்றைக் கண்ணாடி வில்லை எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை, சமதளத் தாளை ஓரம்வரை சமமாகக் காட்டுவதுமில்லை. பயணத்தில் அவசரத்துக்கு ஓர் எண்ணைப் படிக்க இது நல்ல உத்தி. நிலையான பெட்டிக்கு உதவாது. கண்ணாடியை அதன் உறையில் வைத்துவிட்டு, பெட்டியை உயர்த்துவதென்று முடிவு செய்தேன்.

உயர்த்தினால் எழுத்துகள் சிறிதாகிவிடுமே என்பதுதான் என் முதல் தயக்கம். படச்சட்டத்தைத் தாளால் நிரப்பினால்தான் தெளிவு என்ற பழக்கம் நம் எல்லோருக்கும் ஊறியிருக்கிறது. சிறிய பொருளுக்கு அந்தப் பழக்கமே எதிரி. அடையாள அட்டை அளவிலான ஓர் அட்டையின் நீளம் 85.6 மி.மீ.; அது என் கேமராவின் சட்டத்தை முழுவதும் நிரப்ப வேண்டுமானால் லென்ஸை 6.4 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 15 செ.மீ. வரம்புள்ள கேமராவுக்கு அது பாதித் தூரம்கூட அன்று. அட்டையைச் சட்டம் நிறைய எடுக்க முயலும் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலேயே வரம்புக்குள் புகுந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் விலகி எடுக்கும்போது எவ்வளவு நுணுக்கத்தை இழக்கிறோம்? என் கேமராவில் 17 செ.மீ. உயரத்தில் சட்டத்தின் நீள்பக்கம் சுமார் 226 மி.மீ. பரப்பைக் காட்டுகிறது. சேமிக்கப்படும் படத்தின் நீள்பக்கம் 4000 பிக்சல். ஆக, ஒரு மி.மீட்டருக்கு 17 அல்லது 18 பிக்சல். ஸ்கேனர் மொழியில் சொன்னால் அங்குலத்துக்கு சுமார் 450 புள்ளிகள். எழுத்துணரி மென்பொருள்களுக்கு 300 புள்ளிகளே போதுமான அளவாகச் சொல்லப்படுகிறது. பழைய பெட்டியின் 11 செ.மீ. உயரத்தில் மி.மீட்டருக்கு 27 பிக்சல் கிடைத்தது உண்மைதான். ஆனால் ஒரு மி.மீ. அகலத்துக்கு மங்கல் பரவியிருக்கும்போது அந்த 27 பிக்சலும் ஒரே சாம்பல் நிறத்தைத்தான் பதிவு செய்கின்றன. மங்கலான பிக்சல் இருபத்தேழைவிடத் தெளிவான பதினேழு மேல். வெட்டிச் சிறிதாக்குவதைப் பிறகு செய்துகொள்ளலாம். இல்லாத ஃபோகஸைப் பிறகு கொண்டுவர முடியாது.

கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு இதே காரணத்தால் ஓர் எளிய பழக்கம் உதவும். முதலில் திரையில் 2 மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, பிறகு சட்டம் நிறையும்வரை விலக வேண்டும். முதன்மைக் கேமராவே இயங்கும்வரை, இது படத்தின் நடுவை வெட்டி எடுப்பதுதான். ஆனால் சட்டத்தை நிரப்பும் ஆசை நம்மை வரம்புக்குள் இழுக்காமல் தடுத்துவிடுகிறது. 3 மடங்குக்கும் மேல் போனால் சில கைப்பேசிகள் தொலைநோக்குக் கேமராவுக்குத் தாவும். அதன் வரம்பு இன்னும் தொலைவில் இருப்பதே வழக்கம். விரல் சோதனையை அங்கேயும் செய்து பார்த்துவிட வேண்டும்.

வரம்பு 15 என்றால் பெட்டியை 15-இலேயே நிறுத்தாமல் 17-க்கு ஏன் உயர்த்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துத் தாள் எட்டாகப் பத்தாக மடிக்கப்பட்டு வருவதால் விரித்த பிறகும் மடிப்புகள் கூரைபோல எழுந்து நிற்கும். ஒரு மடிப்பு ஒரு செ.மீ. எழுந்தால், 15 செ.மீ. பெட்டியில் அந்த மடிப்பின் உச்சி 14 செ.மீட்டரில் இருக்கும், ஃபோகஸ் எதைத் தேர்ந்தாலும் அது தெளியாது. 17 செ.மீட்டரில் இரண்டு செ.மீ. இடம் மிச்சமிருக்கிறது. ஆனால் அப்போதும் மடிப்பின் உச்சியும் பள்ளமும் ஒரே நேரத்தில் முழுத் தெளிவாக வருவதில்லை. பள்ளத்தில் ஃபோகஸ் நின்றால் ஒரு செ.மீ. மேலே உள்ள உச்சியில் மங்கல் சுமார் 0.2 மி.மீ. இருக்கும். ஒரு மி.மீ. எழுத்தை அப்போதும் படித்துவிடலாம், புள்ளிகள்தான் மெலிந்துபோகும். தாளின்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திய பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்தது. கண்ணாடியில் மேற்பலகை பிரதிபலிக்காமல் இருக்க அந்தப் பலகையின் அடிப்பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டினேன். பக்கவாட்டில் வெட்டிய இரண்டு திறப்புகள் வழியாக வெளிச்சம் சாய்வாக வருகிறது.

இடையில் ஒரு சிறு பிழையும் செய்தேன். கைப்பேசி நழுவாமல் இருக்க மேற்பலகையில் இரண்டு காந்தங்களைப் பதித்திருந்தேன். அவற்றில் ஒன்று கேமராவுக்கு மிக அருகில் இருந்தது. லென்ஸை நகர்த்துவதே காந்தமும் கம்பிச்சுருளும்தான் என்று தெரிந்திருந்தும் இதைச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரே தாளில் ஒருமுறை தெளிவு, மறுமுறை மங்கல் என்று ஃபோகஸ் அலைந்தது. காந்தங்களைப் பெயர்த்துவிட்டு ரப்பர் பட்டைகளை ஒட்டியதும் அலைச்சல் நின்றது.

ஏ4 தாளுக்கு இந்தப் பெட்டி போதாது. அதன் 297 மி.மீ. நீளம் சட்டத்தில் அடங்க என் கேமராவுக்கு 22 செ.மீட்டருக்கு மேல் தேவை. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டால் 25 செ.மீ. ஏ4 தாளைக் கையில் பிடித்து எடுக்கும்போது வரம்புச் சிக்கல் அநேகமாக வருவதில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்: தாளே நம்மை விலகி நிற்க வைத்துவிடுகிறது. அங்கே மங்கல் வந்தால் அது வேறு வகை. தாள் முழுவதும் சமமாக மங்காமல் மேற்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி கரைந்தும் இருக்கும். கைப்பேசி 10 பாகை சாய்ந்திருந்தால், நடுவில் ஃபோகஸ் நின்றபோதும் தாளின் ஒரு முனை இரண்டரை செ.மீ. அருகிலும் மறுமுனை அதே அளவு தொலைவிலும் போய்விடும். முனைகளில் மங்கல் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. ஸ்கேன் செயலி அந்தச் சாய்ந்த படத்தை நேராக்கி நேர்த்தியான செவ்வகமாக்கித் தரும்போது, வடிவம் சரியாகிவிட்டதால் மங்கல் கைநடுக்கம் என்றே தோன்றும். நிழல் விழுகிறதே என்று கைப்பேசியைச் சாய்த்து எடுக்கும் வழக்கமே இதற்கு மூலம். விளக்கை நகர்த்துங்கள், கைப்பேசியை நகர்த்தாதீர்கள்.

பெட்டியின் இப்போதைய வடிவம் இது. 11 செ.மீ. உயரமுள்ள பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டேன். அதன் அடியில் பொருந்தும்படி 6 செ.மீ. உயரச் சட்டம் ஒன்றும், ஏ4 தாளுக்கென அகலமான 14 செ.மீ. உயரச் சட்டம் ஒன்றும் செய்து, எதை வைத்தால் என்ன உயரம் என்று பக்கவாட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்யத் தொடங்கும் முன், மருந்துத் தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டை நடுவில் ஒன்றும் மூலைகளில் நான்குமாக ஒட்டிய சோதனை அட்டையை முதலில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நடுவில் ‘ண்’ மேல் புள்ளி தெரிந்தால் உயரம் சரி. மூலைகளிலும் தெரிந்தால் கைப்பேசி சமமாகப் படுத்திருக்கிறது. நேற்று எடுத்ததில் நான்கு மூலைகளில் மூன்றில் புள்ளி இருந்தது. நான்காவதற்கு நேர் மேலே, கைப்பேசி உறையின் ஒரு விளிம்பு ரப்பர் பட்டைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.